கான்கிரீட் பிடித்துக்கொள்ளாது

"ஊனி விட்டுருவோம்ணே, கான்கிரீட்டு பிடிச்சுக்கும்."

வேலி போட்ட யாரும் இந்த வாசகத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நான் மூன்று மேஸ்திரிகளிடம் கேட்டிருக்கிறேன். சிமெண்ட் வேலிக்கல்லைக் குழியில் இறக்கி, நாலு சட்டி கலவையைக் கொட்டி, மேலே கரணையால் தடவிவிட்டால் வேலை முடிந்தது என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. கொஞ்சம் சாய்ந்திருந்தால் சாயங்காலம் தள்ளிக்கொள்ளலாம். அப்புறமும் சாய்ந்திருந்தால் கம்பி இழுக்கும்போது நேராகிவிடும். இந்த மூன்று வாக்கியங்களையும் நான் நம்பினேன். என் தோட்டத்தின் தெற்கு வரிசை இன்றைக்கும் அந்த நம்பிக்கையின் நினைவுச் சின்னமாக, பல் விழுந்த கிழவரின் சிரிப்பைப் போல நிற்கிறது.

மூன்றுமே தவறு. ஒன்று பாதி சரி, மற்றது முக்கால் சரி என்றெல்லாம் சொல்வதற்கில்லை.

இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது பழைய நல்ல வேலைமுறை ஒன்றின் மிச்சம். சிமெண்ட் வருவதற்கு முன்பு பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்லைத்தான் வேலிக்கு ஊன்றினார்கள். ஆழமாகக் குழி எடுத்து, கல்லை நிறுத்தி, அரையடி மண் தள்ளி, கடப்பாரையின் பின்பக்கத்தால் சுற்றிச் சுற்றி இடிப்பார்கள். மறுபடி அரையடி மண், மறுபடி இடி. நடுவே உடைகல்லையும் சொருகுவார்கள். அப்படி ஊன்றிய கல் இடித்து முடித்த நொடியிலேயே நிற்கும். மண் அதை அப்போதே கவ்விவிட்டது. பத்து நாள் கழித்துச் சாய்வாகத் தெரிந்தால் ஒரு பக்கம் மண்ணைப் பறித்து, நிமிர்த்தி, மறுபடி இடித்துக்கொள்ளலாம். ஆகவே "ஊன்றிவிட்டுப் போகலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது அந்த முறைக்கு முழுக்கப் பொருந்தும்.

குழிக்குள் மண்ணுக்குப் பதிலாகக் கான்கிரீட் வந்தபோது பழக்கம் மட்டும் மாறவில்லை. ஆனால் இரண்டும் நேர் எதிரான பொருட்கள். மண் இப்போதே பிடிக்கும், பிறகு திருத்த விடும். கான்கிரீட் இப்போது பிடிக்காது, பிறகு திருத்த விடாது. முதல் சில மணி நேரத்துக்குக் கான்கிரீட் என்பது கனமான கூழ். அதற்குள் நிற்கும் கல்லைக் கூழ் தாங்கவில்லை. கல்தான் கூழுக்குள் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கல் எப்படி இருந்ததோ, அதையே கான்கிரீட் நிரந்தரமாக்கும். நேராக நின்றால் நேர், கோணலாக நின்றால் கோணல். அதற்கு எது நேர் என்று தெரியாது.

எவ்வளவு நேரம் கூழ்? நம் பக்கம் கடையில் "சிமெண்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. வகைதான். இந்தியத் தரவிதிப்படி அது இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும். இறுகி முடிய 600 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. அதாவது பத்து மணி நேரம் வரை ஆகலாம். இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு. அதே தரவிதி சோதனைக் கட்டிக்குக் கேட்கும் குறைந்தபட்ச வலு 3 நாளில் 16 மெகாபாஸ்கல், 7 நாளில் 22, 28 நாளில் 33. காலையில் ஊன்றிய கல்லைச் சாயங்காலம் தொட்டுப் பார்த்து "கல்லா ஆயிருச்சு" என்று மேஸ்திரி சொல்லும்போது அது இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் "காய்ந்துவிட்டது" என்று சொல்வதும் ஏமாற்றும் சொல். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறிக் கெட்டியாகிறது. காய்ந்துபோனால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும்.

இந்தக் கூழ் நேரத்தில் குழிக்குள் நடப்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்தேன். சித்தாள் கலவைச் சட்டியைத் தான் நிற்கும் பக்கத்திலிருந்தே கொட்டினார். நாலு சட்டியும் அதே பக்கம். கலவை அந்தப் பக்கம் ஏறி, கல்லின் அடியை எதிர்ப்பக்கம் தள்ளியது. கல் தரைமட்டத்தில் ஒருவர் கையில் பிடிபட்டிருந்தது. அடி மட்டும் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது. இரண்டடி ஆழத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால், ஐந்தடி உயரத்தில் இருக்கும் தலை எதிர்த்திசையில் இரண்டரை சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு அங்குலம் போகும். பிடித்திருந்தவர் தலையைத் தன் பக்கம் இழுத்து நேராக்கிவிட்டு, கையை எடுத்தார். கல் இரண்டு நிமிடம் நின்றது. பிறகு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பழைய இடத்துக்கே போனது. இதற்குள் அவர்கள் மூன்றாவது குழிக்குப் போய்விட்டார்கள்.

கலவையில் தண்ணீர் அதிகமாக இருந்தது இன்னொரு காரணம். "தண்ணியா இருந்தாத்தான் சந்துபொந்தெல்லாம் இறங்கும்" என்பது வாதம். இறங்கும்தான். கூடவே கல்லையும் நகர விடும். ஏழடி வேலிக்கல் ஏறக்குறைய நாற்பது கிலோ. அடியில் ஒன்றும் போடாமல் நிறுத்தினால், ஊறிய மண்ணில் கொஞ்சம் கீழேயும் இறங்கும். கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் கலவை இருந்து, அரையடிக்கு ஒருமுறை கம்பியால் நாலு பக்கமும் குத்திவிட்டால் சந்துபொந்தும் நிறையும், கல்லும் ஓடாது. அதற்குக் கை வலிக்கும். தண்ணீர் ஊற்ற வலிக்காது. வாதத்தின் உண்மையான வேர் அங்கேதான் இருக்கிறது.

அன்று மத்தியானம் இன்னொன்றும் நடந்தது. வேலைக்கு வந்த பையன் சட்டையைக் கழற்றி, சற்றுமுன் ஊன்றிய கல்லின் தலையில் மாட்டினான். அவன் தூக்குவாளியும் அங்கேயே ஏறியது. யார் கண்ணுக்கும் அது தவறாகப் படவில்லை, என் கண்ணுக்கும்தான். எல்லோருக்கும் அது கல், நட்டாகிவிட்டது.

இப்போது சாயங்காலத் திருத்தத்துக்கு வருகிறேன். மூன்று நம்பிக்கைகளில் இதுதான் மிக மோசமானது. காலை பத்து மணிக்கு ஊன்றிய கல்லை நாலு மணிக்கு வந்து தோளால் தள்ளினால் அது நகரும், நேராகவும் தெரியும். மேஸ்திரி திருப்தியோடு போவார். ஆனால் அந்த நேரத்தில் கலவை ஓடும் நிலையைத் தாண்டிவிட்டது. தள்ளிய பக்கம் நசுங்கும், பின்பக்கம் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழைச் சந்து விழும். அந்தச் சந்தை நிரப்ப அதனிடம் ஓட்டம் கிடையாது. மேலே கரணையால் ஒரு தடவு தடவினால் சந்து மறைந்துவிடும், உள்ளே அப்படியே இருக்கும். முதல் மழையில் தண்ணீர் இறங்கும். மாடு உரசும். ஒரு வருடத்தில் கல் குழிக்குள் ஆடும் பல் ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊன்றி ஒரு வாரம் கழித்து, கல்லைச் சுற்றித் தரைமட்டத்தில் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். நன்றாகப் பிடித்த கல்லில் தண்ணீர் தேங்கி, வெளிப்பக்கம் வழியும். தள்ளிய கல்லில் ஒரு பக்கம் மட்டும் கோடாக உள்ளே இறங்கும், சில நேரம் குமிழி விடும். என் தெற்கு வரிசையில் ஒன்பது கற்கள் தண்ணீர் குடித்தன. ஒன்பதுமே நிமிர்ந்து நின்றவை! சாய்ந்து நின்றவை திடமாக இருந்தன, ஏனென்றால் அவற்றை யாரும் தள்ளவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது: சாயங்காலம் திருத்திய நேரான கல்லைவிட, திருத்தாமல் விட்ட சாய்ந்த கல்லே மேல். தள்ள வேண்டுமானால் முதல் அரை மணிக்குள் தள்ளி, மறுபடி கம்பியால் குத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்று விட்டுவிட வேண்டும், அல்லது பிடுங்கிப் புதுக்கலவை போட வேண்டும்.

கம்பி இழுத்தால் நேராகும் என்பதைச் சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. எட்டடிக்கு ஒரு கல். நடுக்கல் ஒன்று வரிசையிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முள்கம்பியில் ஐம்பது கிலோ இழுவை இருந்தால், அந்தக் கல்லை வரிசைக்குள் தள்ளும் பக்கவாட்டு விசை எவ்வளவு? எட்டடி என்பது 96 அங்குலம். ஒரு பக்கத்திலிருந்து 96-ல் 2 பங்கு, மறுபக்கத்திலிருந்தும் அதே. மொத்தம் ஐம்பது கிலோவில் இருபத்துநான்கில் ஒரு பங்கு, இரண்டு கிலோ. ஐந்து வரிசைக் கம்பிக்கும் சேர்த்துப் பத்து கிலோ. இறுகிய கான்கிரீட் குழியை இது அசைக்காது. கம்பி வேலையை ஏற்கெனவே ஊன்றியதன் மேல்தான் செய்யும், ஊன்றியதைத் திருத்தாது.

ஆனால் அதே கம்பி மூலைக்கல்லைச் சாய்க்கும். நடுக்கல்லில் இரு பக்கமும் இழுப்பு சமம். மூலையில் ஒரு பக்கம் மட்டும்தான். ஐந்து கம்பி, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ என்றால் இருநூற்றைம்பது கிலோவும் அந்த ஒரு கல்லின் மேல். முந்தாநாள் ஊன்றிய மூலைக்கல்லில் மூன்றாம் நாள் கம்பி இழுத்தார்கள் எனக்கு. முட்டுக்கல் கொடுத்திருந்தார்கள், ஆனால் முட்டுக்கல்லின் காலை வெறும் மண்ணில் வைத்திருந்தார்கள். கால் மண்ணுக்குள் நழுவியது, மூலைக்கல்லின் தலை ஒன்றரை அங்குலம் உள்ளே வந்தது, கம்பி தொய்ந்தது. தொய்ந்த கம்பியை மறுபடி இழுத்தார்கள். கல் மறுபடி வந்தது. கம்பி நேராக்கும் என்று சொன்னவர்கள்தான் அன்றைக்குக் கம்பியால் கோணலாக்கினார்கள்.

பிறகு மேற்கு வரிசையை வேறுவிதமாகப் போட்டேன். 312 அடி நீளம், எட்டடிக்கு ஒன்றாக நாற்பது கல். முதலில் ஒன்றாம் கல்லும் நாற்பதாம் கல்லும் மட்டும். பிறகு அந்த இரண்டையும் கண்ணால் கோத்துப் பார்த்து பதினாலாவதும் இருபத்தேழாவதும். இவை நாலும் 104 அடிக்கு ஒன்றாக விழும். 312 அடிக்கு ஒரே நூல் கட்டினால் காற்றில் வில்லாக வளையும், வளைந்ததே தெரியாது. 104 அடிக்கு இழுத்துக் கட்டலாம். இந்த நாலு கல்லுக்கும் இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, தலைக்குப் பக்கத்தில் ஒரு நூல், தரைக்கு அரையடி மேலே ஒரு நூல் என்று இரண்டு கட்டினோம். அடியில் மட்டும் நூல் கட்டி ஊன்றுவதுதான் வழக்கம். அதில் அடி வரிசையாக இருக்கும், தலை தன் இஷ்டத்துக்குப் போகும்.

கல் நூலைத் தொடக்கூடாது. தொட்டால் தள்ளும், ஒரு கல் ஒரு நூலளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளினால், அடுத்த கல் தள்ளிய நூலைப் பார்த்து நிற்கும். நூலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல் விட வேண்டும் என்று ஒரு வயதான கொத்தனார் சொன்னபோது முதலில் சிலேடை என்று நினைத்தேன். வேலைக்குறிப்பு அது. இந்தத் தள்ளல் நடுவே அரையடி வீக்கமாக முடிந்தால் 312 அடி வரிசையில் 78 சதுரடி பக்கத்துக் காட்டில் போய்விடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுரடி, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சர்வேயரை வரவழைக்க அது போதும்.

ரசமட்டத்தை நம்பியும் ஏமாந்திருக்கிறேன். நம் வேலிக்கல் அடியில் நாலு அங்குலம், தலையில் மூன்று அங்குலம். ஒவ்வொரு முகமும் தலைக்குப் போகும்போது அரை அங்குலம் உள்ளே வாங்கும். ஒரு முகத்தில் ரசமட்டம் வைத்து குமிழியை நடுவில் நிறுத்தினால், முகம் நேராகும், கல் சாயும். எதிரெதிர் முகங்களில் வைத்துப் பார்த்து, குமிழி இரண்டிலும் ஒரே அளவு விலகினால்தான் கல் நேர். அதைவிடத் தூக்குக்குண்டு எளிது. பத்தடி தள்ளி நின்று, கையில் குண்டைத் தொங்கவிட்டு, கயிற்றைக் கல்லின் நடுக்கோட்டோடு கண்ணால் சேர்த்துப் பார்ப்பது. வரிசையோடு ஒரு தடவை, வரிசைக்குக் குறுக்கே ஒரு தடவை. பிளந்த கருங்கல்லாக இருந்தால் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், ரசமட்டத்துக்கு அங்கே இடமே கிடையாது. இந்த ஒரு வழிதான்.

குழி ஒரு அடிக்கு ஒரு அடி, ஆழம் இரண்டேகால் அடி. அடியில் மூன்று அங்குலம் கெட்டிக் கலவை போட்டு இடித்து, அதன்மேல் கல். கலவை ஒன்றுக்கு மூன்று மணல், ஆறு முக்கால் ஜல்லி. ஒரு மூட்டைக்கு நாலு குழி வந்தது. நாற்பது கல்லுக்குப் பத்து மூட்டை. கலவையை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் போட்டு, அரையடிக்கு ஒருமுறை குத்தி, ஒவ்வொரு முறையும் தூக்குப் பார்த்தோம். பிறகு முட்டு. தலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, ஒன்று வரிசையோடு, மற்றது குறுக்கே, கால்களைத் தரையில் அடித்த முளையோடு சேர்த்துக் கட்டினோம். ஒரு கம்பு மட்டும் கொடுத்தால் கல் அந்தத் திசையில் மட்டும்தான் நிற்கும். மற்ற திசையில் சுதந்திரம். கட்டிய பிறகு மறுபடியும் தூக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிச்சு இறுகும்போது அதுவே கல்லை இழுக்கும். அரை மணி கழித்து கடைசியாக ஒரு தடவை. அதோடு சரி, மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. சட்டை மாட்ட ஒரு வேப்பமரத்தைக் காட்டிவிட்டேன்.

"இதெல்லாம் கட்டுப்படி ஆகுமாண்ணே? காட்டு வேலிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டார் மேஸ்திரி. நியாயமான கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது கல் என்று வைத்தோம். பதினெட்டுக் கம்பு, பதினெட்டு முளை, ஒரு கட்டுக் கயிறு. மறுநாள் அதே கம்புகள் அடுத்த ஒன்பதுக்குப் போயின. முட்டுக் கொடுக்க ஒரு கல்லுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம். கணக்குப் பார்த்தால் முழு வரிசைக்கும் இரண்டு ஆளின் ஒரு நாள் கூலிகூட ஆகவில்லை. தெற்கு வரிசையில் தண்ணீர் குடித்த ஒன்பது கல்லைப் பிடுங்க, கான்கிரீட் கட்டியோடு வெளியே எடுக்க, மறுபடி ஊன்ற, இரண்டு ஆள் நாலு நாள் மாரடித்தார்கள். ஒரு கல் பிடுங்கும்போதே இரண்டாக உடைந்தது.

ஆட்டுக்காக மட்டும் போடும் வேலி ஒரு அங்குலம் சாய்ந்தால் ஆடு புகார் கொடுக்காது. ஒப்புக்கொள்கிறேன். நான் அழகுக்காக வாதாடவில்லை. சாய்வு பெரிய குற்றம் அல்ல. கல்லை இறுகும் நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்தக் கவனமின்மைதான் சந்தாகவும் தொய்வாகவும் பிறகு வந்து நிற்கும்.

கரிசல் காட்டுக்காரர்களிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். எவ்வளவு ஒழுங்காக ஊன்றினாலும் மண்ணே கட்டியைப் பிடித்து ஆட்டும். ஆழத்தைக் கூட்டி, குழியின் அடியை மேல்வாயைவிட அகலமாக எடுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேலே அகலம், கீழே குறுகல் என்று எடுத்த குழியில் உப்பிய மண் கட்டியை மெல்ல மேலே தூக்கிவிடும். என் தோட்டம் செம்மண். நான் சொன்னது செம்மண்ணுக்கும் அதுபோன்ற இறுகிய மண்ணுக்கும்.

மூட்டையைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிற படித்த கூட்டம் ஒன்றும் உண்டு. ஒன்றுக்கு இரண்டு, நாலு என்று போட்டால் கட்டி வலுவாகத்தான் இருக்கும். கோணல் கல்லை இன்னும் வலுவாகப் பிடித்திருக்கும்.

ஊன்றிய மறுநாளிலிருந்து குழியின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. மூலைக்கல்லின் முட்டுக்குக் கீழே தனிக் குழி எடுத்து அதன் காலையும் கான்கிரீட்டில் வைத்தோம். கம்பி இழுத்தது கடைசிக் கல் ஊன்றிய எட்டாம் நாள். மேஸ்திரிக்கு அந்த எட்டு நாள் பொறுக்கவில்லை, வேறு ஊரில் வேலை காத்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கூலி ஊன்றும் கல்லுக்குத்தான், காத்திருக்கும் நாளுக்கு இல்லை.

ஆகவே அடுத்து வேலி போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போதே இரண்டைச் சேர்த்துப் பேசுங்கள்: ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முட்டு ஒரு முழு நாள் நிற்க வேண்டும், கம்பி எட்டாம் நாளுக்கு முன் ஏறக்கூடாது. கடைசித் தவணைப் பணத்தை அந்த எட்டாம் நாள் வரை கையில் வைத்திருங்கள், ஒரு செம்புத் தண்ணீரோடு.